குரலை மட்டும் மாற்ற வேண்டுமா: போர்வைக்குள்ளா, மெத்தை மூலையா, பீரோ முன்னாலா, காருக்குள்ளா?

வீடியோ நன்றாக வந்திருக்கிறது, குரல்தான் நாசம். இப்படிச் சொல்லிக்கொண்டு என்னிடம் வருகிறவர்கள் எல்லோரும் அடுத்துக் கேட்பது ஒன்றுதான்: "வீட்டிலேயே போனில் மறுபடி பேசிச் சேர்த்துவிடலாமா? போர்வைக்குள்ளே புகுந்து பேசினால் ஸ்டூடியோ மாதிரியே வருமாமே?" சேர்க்கலாம். ஆனால் போர்வைக்குள் புகுவது நான்கு வழிகளில் ஒன்றுதான், அதிலும் நீளமாகப் பேச வேண்டியவர்களுக்கு அது கடைசி வழி என்பேன்.

போன வைகாசியில் ஈரோட்டில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தபோது நான்கையும் ஒன்றரை நாளில் செய்து பார்க்கும்படி ஆகிவிட்டது. சித்தி தையல் சொல்லிக்கொடுப்பவர். லைனிங் வைத்த பிளவுஸ் கட்டிங், 6 நிமிடம் 40 நொடி வீடியோ. போனை ஸ்டாண்டில் வைத்து, தலைக்கு மேல் ஃபேன் முழு வேகத்தில் ஓட, வெட்டிக்கொண்டே பேசியிருக்கிறார். ஃபேன் இரைச்சலும் தெருவில் போன பஸ்ஸும் கேட்கிறது, சித்தி ஏதோ கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல இருக்கிறது. "திரும்ப வெட்டித் தைக்கத் துணி இல்ல கண்ணு, பேச்சை மட்டும் மாத்திக் குடு" என்றார். அங்கே ஆரம்பித்தது.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். எதிரொலி வேறு, இரைச்சல் வேறு. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்வதால்தான் பலர் வீட்டிலிருக்கும் போர்வையையெல்லாம் தொங்கவிட்டும் "ஒன்றும் மாறவில்லையே" என்று உட்கார்ந்திருக்கிறார்கள்.

எதிரொலி என்பது உங்கள் குரலே சுவரிலும் கூரையிலும் பட்டுச் சற்றுத் தாமதமாகத் திரும்பி வருவது. நம் வீடுகளில் சிமெண்ட் சுவர், கான்கிரீட் கூரை, தரையில் டைல்ஸ், எல்லாமே கடினமான பரப்பு. அறை நடுவில் நின்று ஒரு தரம் பலமாகக் கை தட்டிப் பாருங்கள். "டப்" என்று அங்கேயே செத்துவிட்டால் நல்ல இடம். பின்னால் "ங்ங்" என்று ஒரு வால் நீண்டால் அதுதான் உங்கள் குரலைக் கிணற்றுக்குள் தள்ளுவது. இதைக் கம்பளியும் மெத்தையும் விழுங்கும்.

இரைச்சல் என்பது வெளியிலிருந்து வருவது: பஸ், பக்கத்து வீட்டு மிக்ஸி, நம் வீட்டு ஃபிரிட்ஜ். போர்வை இதைத் தடுக்காது. சத்தத்தைத் தடுக்க எடை வேண்டும், செங்கல் சுவர் அளவுக்கு எடை. காற்று புகும் துணி எதுவும் பஸ் ஹாரனை நிறுத்தாது. வீட்டுக்குள் இரைச்சலுக்கு இருக்கும் முக்கிய மருந்து இரண்டு: நேரம் பார்த்து உட்காருவது, வாயைப் போனுக்கு அருகில் கொண்டு போவது.

அருகில் என்றால் எவ்வளவு? ஒரு சாண், அதாவது சுமார் 20 செ.மீ. போனுக்கும் வாய்க்கும் உள்ள தூரம் பாதியாகும் ஒவ்வொரு தடவையும் உங்கள் குரல் 6 டெசிபல் கூடுகிறது, அறை எதிரொலியும் வெளி இரைச்சலும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. சித்தியின் வீடியோவில் போன் 160 செ.மீ. தள்ளி நின்றது. 80, 40, 20 என்று மூன்று தடவை பாதியாக்கினால் 18 டெசிபல் சும்மா கிடைக்கிறது. எந்தப் போர்வையும் இவ்வளவு தராது. ஆகவே கீழே சொல்லும் நான்கிலும் ஒரு சாண் தூரம் மாறாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, எடை போட நான்கு விஷயங்கள். எதிரொலி எவ்வளவு அடங்குகிறது. வெளிச்சத்தம் எவ்வளவு குறைகிறது. வேர்க்காமல் எவ்வளவு நேரம் உட்கார முடியும். நான்காவது, யாருமே யோசிக்காதது: நாளைக்கே இதே அமைப்பை இதே மாதிரி மறுபடி போட முடியுமா? எல்லாம் முடிந்த பிறகு "ஏழரை இன்ச்" என்று சொல்ல வேண்டிய இடத்தில் "ஏழே கால்" என்று சொல்லியிருப்பது தெரியவரும். அந்த ஒரு வரியை மறுநாள் பேசும்போது இடம் மாறியிருந்தால் குரல் ஒட்டுப் போட்ட சட்டை மாதிரி தனியாகத் தெரியும்.

முட்டை அட்டையும் தெர்மாகோலும் இந்தப் போட்டியிலேயே இல்லை. சுவரில் தெர்மாகோல் ஒட்டி வைத்து அதை ஸ்டூடியோ என்று நம்பும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அதற்குள் காற்று புகாது, அதனால் எதிரொலியை விழுங்காது. எடையும் இல்லை, அதனால் இரைச்சலையும் தடுக்காது.

## 1. தலையோடு போர்வை

கட்டிலில் உட்கார்ந்து, கனமான கம்பளியைத் தலைக்கு மேல் கூடாரம் போலப் போட்டுக்கொண்டு, உள்ளே போனை வைத்துப் பேசுவது. செலவு கிடையாது, இரண்டு நிமிடத்தில் தயார், லாட்ஜ் அறையில்கூடச் செய்யலாம். எதிரொலி அறவே போய்விடும்.

போகிற வேகத்தில் வேறொன்றும் வந்து சேரும். துணி முகத்துக்கு நெருக்கமாக இருந்தால் குரலின் மேல் பகுதி, அதாவது ச, ஸ, த போன்ற எழுத்துகளின் கூர்மை, துணியில் அடங்கிவிடுகிறது. கீழ்ப்பகுதி அடங்காமல் அங்கேயே தங்குகிறது. கேட்டால் டப்பாவுக்குள் பேசுவது போல, மூக்கடைத்தது போல இருக்கும். சித்தியின் முதல் பதிவு அப்படித்தான் வந்தது. போட்டுக் காட்டியதும் "சளி புடிச்சவ மாதிரி இருக்குது" என்று அவரே சொல்லிவிட்டார். இதற்கு ஒரு வழி உண்டு. போர்வை தலையில் உட்காராமல், இரண்டு நாற்காலி முதுகுகளின் மேல் போட்டு, முகத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரு முழமாவது இடைவெளி விட வேண்டும். அப்போது அது போர்வைக் கூடாரம் ஆகிறது, டப்பா சத்தம் பெரும்பாலும் போய்விடுகிறது.

மறைவான செலவு உடம்புக்குத்தான். மே மாதத்தில் கம்பளிக்குள் நான்கு நிமிடம் தாண்டினால் வேர்வை கண்ணில் இறங்கும், உள்ளே காற்றும் கெட்டுவிடும், மூச்சு வாங்குவது பதிவில் கேட்கும். காகிதத்தில் எழுதியதை இருட்டில் படிக்க முடியாது, இன்னொரு போனின் திரையில் படிக்க வேண்டியிருக்கும். தலையை ஆட்டினால் துணி உரசும் "சர்ர்" போனில் விழும். இவ்வளவுக்குப் பிறகு, நாளைக்கு அதே கூடாரம் அதே வடிவில் வராது.

ஆனாலும் 30 நொடி விளம்பரம், ஒரு நிமிட ரீல்ஸ், ஊருக்குப் போன இடத்தில் அவசரமாக மூன்று வரி, இதற்கெல்லாம் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஒவ்வொரு நிமிடத்துக்கும் வெளியே வந்து மூச்சு விட்டுவிட்டுத் திரும்பப் போங்கள்.

## 2. மெத்தை வைத்த மூலை

என் ஓட்டு இதற்கு. அறையின் ஒரு மூலையில் இரண்டு மெத்தைகளை நிமிர்த்தி "ட" எழுத்தின் வளைவு போல நிறுத்துவது, அந்த மூலையைப் பார்த்து உட்காருவது, முதுகுக்குப் பின்னால் கொடிக்கயிறு கட்டி அதில் ஒரு கம்பளியை மடித்துத் தொங்கவிடுவது.

ஏன் மூலையைப் பார்த்து? குரல் பெரும்பாலும் முன்னோக்கித்தான் போகிறது, முதலில் மோதித் திரும்புவது எதிரில் இருப்பதில்தான். அதை மெத்தை விழுங்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது. போனின் மைக் ஏறக்குறைய எல்லாத் திசையிலிருந்தும் சத்தத்தை வாங்கும், அதனால் முதுகுப் பக்கச் சுவரிலிருந்து வருவதும் அதில் விழும். பின்னால் கம்பளி வேண்டும் என்பது அதற்காக.

இங்கே மூன்று தவறுகள் வழக்கமாக நடக்கும். முதலாவது, துணியைச் சுவரோடு ஒட்டித் தொங்கவிடுவது. சத்தம் என்பது காற்று முன்னும் பின்னும் ஆடுவது. சுவரை ஒட்டிய இடத்தில் காற்று ஆட முடியாது, ஆடாத இடத்தில் துணிக்கு உரச ஒன்றுமில்லை. கயிற்றைச் சுவரிலிருந்து 10 முதல் 15 செ.மீ. தள்ளிக் கட்டினால் அதே கம்பளி இன்னும் அடித்தொனி வரைக்கும் இறங்கி வேலை செய்யும்.

இரண்டாவது, எந்தத் துணி என்று பார்க்காதது. மெல்லிய பருத்திப் போர்வை, வேட்டி, பெட்ஷீட் எல்லாம் ஒற்றையாகத் தொங்கவிட்டுப் பெரிய பயன் இல்லை. துணியில் வாயை வைத்து ஊதிப் பாருங்கள்: காற்று சுலபமாகப் போய்விட்டால் மெல்லிசு, போகவே இல்லை என்றால் அது சுவர் மாதிரி திருப்பி அடிக்கும், கஷ்டப்பட்டுப் போனால் சரியான சாமான். கம்பளி, ரஜாய், நான்காக மடித்த ஜமக்காளம் எல்லாம் தேறும். மெத்தைகளில் இலவம்பஞ்சு மெத்தைக்கு ஈடில்லை, பழையதாக இருந்தாலும் பரவாயில்லை. கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் உறையைக் கழற்றாமலே பல வீடுகளில் ஃபோம் மெத்தையைப் பயன்படுத்துகிறார்கள் இல்லையா, அந்த உறையோடு நிறுத்தினால் குரலின் கூர்மையான பகுதி முழுவதும் பளபளவென்று திரும்பி வரும். ரெக்ஸின் உறைக்கும் இதே கதைதான். கழற்றிவிடுங்கள், அல்லது மேலே கம்பளியைப் போடுங்கள்.

மூன்றாவது, போனை வெறும் மேசையில் படுக்க வைப்பது. குரல் நேராகவும் மேசையில் பட்டும் இரண்டு வழியில் மைக்குக்குப் போய்ச் சேர்ந்து, கேட்க உள்ளீடற்று இருக்கும். ஸ்டூல் மேல் நான்கு புத்தகம், அதன் மேல் மடித்த துண்டு, அதன் மேல் போன். கையில் பிடித்துப் பேசுவதும் கூடாது, விரல் நகர்வது ஒவ்வொன்றும் "கடக் கடக்" என்று விழும். ஸ்டூலை மூலைக்குள் திணிக்காமல் முக்கால் மீட்டராவது வெளியே வையுங்கள், இரண்டு சுவர் சேரும் இடத்தில் அடித்தொனி தேங்கி நிற்கும், குரல் உறுமும்.

மறைவான செலவு: இரண்டு மெத்தையைத் தூக்கி நிறுத்த இன்னொரு ஆள் வேண்டும், அரை மணி நேரம் போகும், அன்று இரவு வீட்டில் யாராவது தரையில் படுக்க வேண்டியிருக்கும். அப்புறம், இந்த அமைப்பு பஸ்ஸையோ நாயையோ தடுக்காது. தெருவைப் பார்த்த ஜன்னல் இல்லாத அறையாகப் பார்த்து மூலையைத் தேர்ந்தெடுப்பதில்தான் அந்தப் பிரச்சினையில் பாதி தீரும். அந்தச் சுவருக்குப் பின்னால் ஃபிரிட்ஜோ தண்ணீர் மோட்டாரோ இருக்கிறதா என்று காதை வைத்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் தலைக்கு மேல் திறந்திருப்பதால் மூச்சு முட்டாது, வெளிச்சம் இருக்கும், காகிதத்தை எதிர் மெத்தையில் குண்டூசியால் குத்தி வைத்துப் படிக்கலாம், ஒரு மணி நேரம்கூட உட்காரலாம். ஸ்டூல் கால் நின்ற இடத்தில் சாக்பீஸால் தரையில் கோடு போட்டுவிட்டால் நாளைக்கும் அதே இடம், அதே குரல்.

## 3. திறந்த துணி பீரோ

"துணி அலமாரிக்குள் பேசுங்கள்" என்பது வெளிநாட்டு வீடியோக்களிலிருந்து வந்த யோசனை. அங்கே அலமாரி என்றால் ஆள் நுழையும் அறை, மூன்று பக்கமும் கோட்டும் சட்டையும் தொங்கும். நம் வீட்டில் இருப்பது இரும்பு பீரோ. கதவைத் திறந்து அதற்குள் பேசினால் இரும்புத் தகடு சேர்ந்து அதிரும், சாவிக்கொத்து கிணுகிணுக்கும், மடித்து அடுக்கிய சேலைகள் தொங்கும் துணி அளவுக்கு விழுங்காது. போதாததற்கு முதுகுப் பக்கம் முழு அறையும் திறந்து கிடக்கிறது.

மர வார்ட்ரோபில் சேலையும் சுடிதாரும் நெருக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தால் கதை வேறு. இரண்டு கதவையும் முழுக்கத் திறந்து, கதவுகளின் மேல் கம்பளி போட்டு, பின்னால் ஒரு கம்பளி தொங்கவிட்டால் மெத்தை மூலைக்குப் பக்கத்தில் வந்துவிடும், தூக்கும் வேலையும் மிச்சம். உங்கள் வீட்டில் அது இருந்தால் இதையே எடுத்துக்கொள்ளுங்கள். இரும்பு பீரோ என்றால் இந்தப் பகுதியை மறந்துவிடலாம்.

## 4. நிறுத்தி வைத்த கார்

எதிரொலியைவிட இரைச்சல்தான் உங்கள் தலைவலி என்றால், கைக்குழந்தை இருக்கும் வீடு, கூட்டுக்குடும்பம், மேல் மாடியில் கட்டட வேலை என்றால், நான்கில் இது ஒன்றுதான் இரைச்சலையும் குறைக்கும். கண்ணாடி ஏற்றிய காரின் கதவு ரப்பர் பேச்சுச் சத்தத்தை நன்றாகவே தடுக்கும். சீட்டு பஞ்சு, மேல்கூரையிலும் துணி, இதனால் எதிரொலியும் குறைவு.

பின் சீட்டின் நடுவில் உட்கார்ந்து, முன் சீட்டின் முதுகைப் பார்த்துப் பேசுங்கள். டிரைவர் சீட்டில் உட்கார்ந்தால் முன்கண்ணாடி ஒரு முழத்தில் இருக்கிறது, குரல் அதில் பட்டுப் பளிச்சென்று திரும்பும், அந்த விறைப்பான சத்தம் கேட்ட உடனே "காருக்குள் பேசியது" என்று தெரிந்துவிடும். பக்கத்துக் கண்ணாடிகளில் ஒரு கம்பளியை மேல்விளிம்பில் சிக்க வைத்துத் தொங்கவிட்டால் இன்னும் நல்லது.

மறைவான செலவு வெப்பம். எஞ்சினும் ஏசியும் அணைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் வந்த காரியமே கெட்டது. வெயிலில் நிறுத்திய காரில் இது விளையாட்டில்லை, செய்யவே கூடாது. நிழலிலோ அடித்தளப் பார்க்கிங்கிலோ நிறுத்தி, பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை கதவைத் திறந்துவிடுங்கள். இன்னொன்று, லாரியும் பஸ்ஸும் போகும்போது எழும் அடித்தொனி உறுமலைக் கார் தடுக்காது. அதைப் பதிவின்போது கவனிக்கவே மாட்டீர்கள், வீட்டுக்கு வந்து ஹெட்போன் போட்டால்தான் தெரியும். நாளை இதே இடத்தில் நிறுத்த இடம் கிடைக்குமா என்பதும் உங்கள் கையில் இல்லை.

## ஒரே பார்வையில்

| | போர்வைக் கூடாரம் | மெத்தை மூலை | மர வார்ட்ரோப் | கார் |
|---|---|---|---|---|
| எதிரொலி | போய்விடும், டப்பா சத்தம் வரலாம் | நன்றாக அடங்கும் | துணியின் நெருக்கத்தைப் பொறுத்தது | ஓரளவு அடங்கும், கண்ணாடி கெடுக்கும் |
| வெளி இரைச்சல் | தடுக்காது | தடுக்காது | தடுக்காது | பேச்சைத் தடுக்கும், பஸ் உறுமலைத் தடுக்காது |
| உட்காரும் நேரம் | 3, 4 நிமிடம் | ஒரு மணி நேரம் | ஒரு மணி நேரம் | நிழலில் 10 நிமிடம், பிறகு இடைவேளை |
| நாளைக்கும் அதே குரல் | கஷ்டம் | சாக்பீஸ் கோடு போதும் | சுலபம் | இடம் கிடைத்தால் |
| யாருக்கு | ரீல்ஸ், அவசரம் | வகுப்பு, சமையல், நீள வீடியோ | அது வீட்டில் இருப்பவர்களுக்கு | சத்தமான வீட்டுக்காரர்களுக்கு |

## நான்கும் வேண்டாத ஒரு சந்தர்ப்பம்

முழுக் குரலையும் மாற்றாமல், பத்து நிமிட வீடியோவில் ஒரே ஒரு வரியை மட்டும் மாற்றுகிறீர்களா? அப்படியானால் மெத்தையும் வேண்டாம், கம்பளியும் வேண்டாம். முன்னும் பின்னும் உள்ள வரிகளில் அந்த அறையின் எதிரொலி இருக்கிறது. நடுவில் ஒரு வரி மட்டும் சுத்தமாக வந்தால் கேட்பவர் திடுக்கிட்டு நிமிர்வார். வீடியோ எடுத்த அதே அறையில், அதே போனை அதே தூரத்தில் வைத்து, முடிந்தால் அன்று எடுத்த அதே வேளையில் அந்த வரியைப் பேசிவிடுங்கள். ஃபேன் ஓடிக்கொண்டிருந்ததென்றால் ஃபேனையும் அதே எண்ணில் ஓட விடுங்கள். அழுக்கோடு அழுக்கு ஒட்டும்.

## சித்தியின் வீடியோவுக்கு நடந்தது

கம்பளிக்குள் ஒரு தடவை, இரும்பு பீரோ முன்னால் ஒரு தடவை, காருக்குள் ஒரு தடவை பேசிப் பார்த்துவிட்டு, கடைசியில் உள்ளறை மூலையில் இலவம்பஞ்சு மெத்தை இரண்டை நிறுத்தினோம். மதியம் இரண்டு மணிக்கு முயன்றது வீண், ஐந்து நிமிடத்தில் மூன்று பஸ். இரவு பத்தே முக்காலுக்கு உட்கார்ந்தோம். ஃபேன் அணைத்து, ஃபிரிட்ஜை அரை மணி நேரம் நிறுத்தி (வண்டிச் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட்டால் திரும்பப் போட மறக்க மாட்டீர்கள்), சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிச் சமையலறையில் வைத்து, போனை ஏர்பிளேன் மோடில் போட்டு. இடையில் கரண்ட் போனது, தெருவே அமைதியானது, ஆஹா என்று ஒரு நிமிடம் பேசுவதற்குள் பக்கத்துக் கடை ஜெனரேட்டர் கிளம்பிவிட்டது.

போனில் மைக் எங்கே இருக்கிறது என்று முதலில் பார்த்தோம். பெரும்பாலான போன்களில் சார்ஜர் குத்தும் ஓட்டைக்குப் பக்கத்தில் இருக்கும். பதிவை ஓட விட்டு ஒவ்வொரு ஓரத்தையும் நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள், எங்கே சத்தம் பெரிதாக விழுகிறதோ அதுதான். அந்த ஓரம் வாய்ப் பக்கம், ஆனால் நேர் எதிரில் இல்லாமல் கன்னத்தின் பக்கம் சற்று விலகி. நேராக வைத்தால் "பட்டி", "பின்பக்கம்", "பிசிறு" என்று சித்தி சொல்லும் ஒவ்வொரு "ப"வுக்கும் "புஃப்" என்று காற்று மோதும். உள்ளங்கையை மைக் இருக்கும் இடத்தில் வைத்துப் "பட்டி" சொல்லிப் பாருங்கள், கையில் காற்று படக் கூடாது.

ரெக்கார்டர் செயலியில் ஒலியைச் சுருக்காமல் சேமிக்கும் WAV இருந்தால் அதில் பதியுங்கள், ஐபோனின் வாய்ஸ் மெமோஸில் ஆடியோ தரத்தை Lossless என்று மாற்றிக்கொள்ளலாம். 48 kHz கேட்டால் அதையே கொடுங்கள், வீடியோவின் ஒலியும் வழக்கமாக அதில்தான் இருக்கும். முடிந்ததை வாட்ஸப்பில் அனுப்புவதாக இருந்தால் Document ஆக அனுப்புங்கள். வாய்ஸ் மெசேஜாகவே பேசி அனுப்பி, பிறகு "தெளிவில்லையே" என்று வருத்தப்படுபவர்கள் நிறைய.

ஆறு நிமிடத்தையும் ஒரே மூச்சில் பேச விடவில்லை. சினிமா டப்பிங்கில் பைலட் என்பார்களே, படம் எடுக்கும்போது பதிவான அந்த அழுக்குக் குரல், அதுவே இங்கேயும் வழிகாட்டி. சித்தியின் ஒரு காதில் இயர்போன், இன்னொரு போனில் பழைய வீடியோ. ஒரு வாக்கியம் கேட்பது, நிறுத்துவது, அதே தாளத்தில் சொல்வது. சத்தம் ஒழுகாமல் இருக்க இயர்போன் ஒலியைக் குறைத்து வைத்தோம். 40 நொடி மட்டும்தான் சித்தியின் முகம் தெரிகிறது, மீதி முழுக்கக் கையும் கத்தரியும் துணியும். கை மட்டும் தெரியும் இடத்தில் உதடு பற்றிய கவலையே இல்லை, கத்தரி துணியைத் தொடும்போது "இங்க ஆரம்பிக்கணும்" என்று வந்தால் போதும். ஆகவே அந்த 40 நொடிக்கு மட்டும் ஒவ்வொரு வரியும் நான்கைந்து தடவை, மற்றதெல்லாம் இரண்டு தடவை. ஆரம்பத்தில் யாரும் அசையாமல் 20 நொடி வெறும் அறையையும் பதிந்துகொண்டோம்.

எடிட்டிங்கில் பழைய குரல் மேலே, புதுக் குரல் கீழே. அலைகளில் மேடு எழும் இடங்களை ஒன்றன் கீழ் ஒன்றாக நகர்த்தினால் போதும். சந்தேகம் வந்தால் குரலைச் சற்றுப் பின்னால் தள்ளுங்கள், முன்னால் வேண்டாம். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை ஒன்றில், ஒலி படத்துக்கு 45 மில்லிசெகண்ட் முந்தினாலே கண்ணுக்குத் தட்டும், பிந்துவது என்றால் 125 வரை தெரியாது என்று இருக்கிறது. மின்னல் வந்து பிறகு இடி கேட்டே பழகிய காது அல்லவா. 30 ஃபிரேம் வீடியோவில் ஒரு ஃபிரேம் என்பது 33 மில்லிசெகண்ட். ஒன்றிரண்டு ஃபிரேம் பின்தங்கினால் யாரும் கேட்க மாட்டார்கள்.

மிச்சமிருந்த மெல்லிய "உஸ்"ஸுக்கு ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் மென்பொருளில் அந்த 20 நொடி வெற்று அறையைத் தேர்ந்தெடுத்து Noise Reduction, Get Noise Profile, பிறகு முழுப் பதிவுக்கும் 8 டெசிபல் மட்டும் குறைத்தேன். 20 வைத்தால் குரல் தண்ணீருக்குள் பேசுவது போல நெளியும், அதைவிட "உஸ்" மேல். ஒரே மாதிரி நிற்காமல் ஓடும் இரைச்சலுக்குத்தான் இது, நாய் குரைத்ததற்கும் ஹாரனுக்கும் செல்லாது, அந்த வரிகளைத் திரும்பப் பேசத்தான் வேண்டும். இடைவெளி விடும்போதெல்லாம் "உஸ்" மெல்ல ஏறிப் பேச ஆரம்பித்ததும் இறங்கினால், அது போன் தானாகவே ஒலி அளவைக் கூட்டிக் குறைப்பது. அளவைக் கையால் நிறுத்தி வைக்க விடும் செயலிக்கு மாறினால் தீரும், சித்தியின் போனில் எனக்கு அது தேவைப்படவில்லை.

எல்லாம் சேர்த்துப் போட்டுக் காட்டியபோது சித்தி கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தார். "பேச்சு நல்லா இருக்குது. ஆனா கத்தரி சத்தமே இல்லாம துணி தானா வெட்டுப்படுதே?" பழைய ஒலியில் கத்தரிச் சத்தம் இருந்தது, ஃபேனும் சேர்ந்தே இருந்ததால் முழுவதையும் எடுத்துவிட்டிருந்தேன். மெத்தைகள் இன்னும் நின்றுகொண்டிருந்தன. அதே மூலையில், போனுக்கு ஒரு முழம் தள்ளி, மிச்சமிருந்த லைனிங் துணித் துண்டு ஒன்றை முப்பது நொடி சித்தி வெட்டினார், நான் பதிந்தேன். குரலுக்கு வெகு கீழே அதை வைத்ததும் படத்தில் கத்தரி மறுபடி துணியைத் தொட்டது.